பழத்தோலில் திட்டுத் திட்டாக நிறம்: மருந்தா, குளிரா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே சீப்பில் பாதி மஞ்சள், பாதி பச்சை. இது மருந்து போட்டுப் பழுக்க வைத்ததுதானே?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்திலும் திட்டு வரும், மருந்தே படாத பழத்திலும் வரும். திட்டு நிறம் நிச்சயமாகச் சொல்வது ஒன்றுதான்: தோல் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் பழுக்கவில்லை. காய் விளையாமல் வெட்டப்பட்டிருக்கலாம், ஒரு பக்கம் குளிர் அடித்திருக்கலாம், பழுக்க வைக்கும் வாயு பெட்டியின் ஒரு மூலைக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம்.

நுவரெலியாவில் 18 வருடமாகப் பழக்கடை வைத்திருக்கிறேன். இங்கே, அதுவும் மார்கழி முதல் மாசி வரைக்கும், நான் முதலில் சந்தேகப்படுவது குளிரைத்தான். அதற்குப் பிறகு, விளையாமல் வெட்டிய வெம்பல் காயை. மருந்து மூன்றாவதாகத்தான் வரும். மருந்து போடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை எப்படிப் பிடிப்பது என்றும் கீழே எழுதியிருக்கிறேன். என்னிடம் அதிகம் கேட்கப்படுவது வாழைப்பழத்தைப் பற்றி என்பதால் இங்கேயும் அதுதான் பெரும்பகுதி.

அப்படியானால் தோல் ஒரு மாதிரியும் உள்ளே வேறு மாதிரியும் எப்படிப் பழுக்கிறது? பழம் என்றால் எல்லாம் சேர்ந்துதானே பழுக்கும்?

வாழைக்காய்த் தோலில் மஞ்சள் நிறம் முதலிலிருந்தே இருக்கிறது. அதை மூடிக்கொண்டிருப்பது பச்சை. காய் பழுக்கத் தொடங்கியதும் பச்சை நிறப்பொருள் சிதைந்து போகிறது, அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. உள்ளே நடப்பது வேறு வேலை: சதையில் இருக்கும் மாச்சத்து இனிப்பாக மாறுகிறது, சதை இளகுகிறது, கயர்ப்பு குறைகிறது.

இரண்டு வேலையையும் தொடக்கி வைப்பது எத்திலீன் என்ற வாயு. காயே அதைச் சிறிதளவு உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் தொடங்கிய பிறகு தோலுக்கு ஒரு கணக்கு, சதைக்கு ஒரு கணக்கு. வெப்பநிலை 14 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருந்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்து போகும். பெரிய பழுக்க வைக்கும் அறைகளை அந்த அளவில் வைப்பதும் இதற்காகத்தான். அதற்கு வெளியே போனால் இரண்டும் பிரிந்துவிடும். நீளமான கெவென்டிஷ் பழத்தை 25 பாகைக்கு மேல், படங்கு மூடிய லொறியில் புழுங்க வைத்தால், சதை குழைந்துவிடும், தோலில் பச்சை அப்படியே நிற்கும். குளிரில் வேறு விதமாகக் கெடும். விளையாத காய்க்கு வெளியிலிருந்து வாயு கொடுத்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே இனிப்பாக மாறுவதற்குப் போதிய மாச்சத்தே சேர்ந்திருக்காது. நம் ஆட்கள் வெம்பிப் பழுத்தது என்று சொல்வது இந்தப் பழத்தைத்தான்.

கொழும்பில் வாங்கும் வாழைப்பழம் பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது. இங்கே மட்டும் ஏன் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது?

வாழை வெப்பமான இடத்துப் பயிர். பச்சைக் காயாக இருந்தாலும் பழமாக இருந்தாலும் சுமார் 13 பாகைக்குக் கீழே போனால் அதன் தோல் காயப்படும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரியே 16 பாகைதான். தை மாத இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது இங்கே சாதாரணம், சில விடியலில் புல்லில் உறைபனியும் பார்க்கிறோம். கீழேயிருந்து வரும் குலை அந்த இரவில் கடை வாசலில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஹட்டன், பண்டாரவளை பக்கம் உயரம் குறைவு, அதனால் பாதிப்பும் குறைவு. பதுளை டவுனுக்கு இறங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே அநேகமாக இல்லை.

குளிர் பட்டதும் தோலில் உள்ள உயிரணுக்களின் மெல்லிய சவ்வு பழுதாகிறது. அடைபட்டிருந்த சாறு கசிந்து, காற்றுப் பட்டால் வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதுபோலக் கறுக்கிறது. பச்சையும் ஒழுங்காகச் சிதைவதில்லை. அதனால்தான் அந்தச் சாம்பல் கலந்த மங்கல் மஞ்சள். பிரிட்ஜில் வைத்த வாழைப்பழம் கறுத்துப் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் அதேதான், கொஞ்சம் மெதுவாக.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. காயம் பட்ட இரவில் தோலில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பழுக்கும்போதுதான் வெளியே வரும். அதனால் குளிரை யாரும் நினைப்பதில்லை, "மருந்து" என்றுதான் சொல்வார்கள்.

குளிரா, மருந்தா, வெம்பலா என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. ஆனால் ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் தோலின் மேற்பகுதியை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, காம்பிலிருந்து நுனி வரை மண்ணிறக் கோடுகள் நூல் நூலாக ஓடினால் அது குளிர். தோலில் நீளவாக்கில் ஓடும் நரம்புகள்தான் அப்படி நிறம் மாறுகின்றன. என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை. நசுங்கின இடத்தில் வரும் கறுப்பு இப்படிக் கோடாக ஓடாது, ஒரே இடத்தில் திட்டாகக் கன்றிப்போய் நிற்கும்.

அடுத்து, திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளிர் பட்ட குலையில் தரையைத் தொட்ட பக்கமோ காற்றடித்த பக்கமோ மோசமாக இருக்கும், மறுபக்கம் பரவாயில்லாமல் இருக்கும். கார்பைட் கல்லைப் பொட்டலமாக மடித்து வைத்த பெட்டியில் அதற்குப் பக்கத்தில் இருந்தவை முந்திப் பழுத்து, ஒட்டியிருந்த இடத்தில் வெந்தது போல மண்ணிறமாக இருக்கும். மூலையில் இருந்தவை பச்சையாகவே கிடக்கும். சீப்பின் விரல்களுக்கு இடையே, காம்புப் பள்ளத்தில், வெள்ளை அல்லது சாம்பல் நிறத் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொட்டலம் இருந்த பெட்டி என்றால் பூண்டு மாதிரி ஒரு வாடையும் வரலாம்.

கடைசியாகக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நன்றாக மஞ்சளான தோலுக்குள்ளே சதை வெள்ளையாக, கட்டியாக, வாயில் வைத்தால் கயர்ப்பாக இருந்தால், தோல் முந்திவிட்டது, சதை பிந்திவிட்டது என்று அர்த்தம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மருந்துக்கடையில் டிங்க்சர் அயடின் வாங்கி, வெட்டிய முகத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். மாச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். நன்றாகப் பழுத்த பழத்தில் நிறம் லேசாகத்தான் வரும். முழு மஞ்சள் தோலும் முழுக் கருநீலச் சதையும் ஒன்றாக இருந்தால் அது விளையாத காயை விரட்டிப் பழுக்க வைத்தது. எதைக் கொண்டு விரட்டினார்கள் என்பதை அயடின் சொல்லாது. அப்புறம், சொட்டு விட்ட துண்டைச் சாப்பிடாதீர்கள்.

எங்கள் கடையில் வாங்கிய பழத்தை "மருந்துப் பழம்" என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் அண்ணே. நாங்கள் எதையுமே போடவில்லை. என்னதான் நடந்திருக்கும்?

எனக்கு அப்படியே நடந்தது, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு தை மாதம், பொங்கலுக்கு முந்தின வாரம். எம்பிலிப்பிட்டிய பக்கமிருந்து 14 குலை அம்புல் வாழை வந்தது. எல்லாம் ஒரே தோட்டம், ஒரே நாளில் வெட்டியது, ஒரே லொறி. வந்து சேரும்போது இரவு 2 மணி. உள் அறையில் 6 குலைக்குத்தான் இடம் இருந்தது. அந்த அறையின் சுவருக்கு மறுபக்கம் தேத்தண்ணிக் கடை அடுப்பு, சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மீதி 8 குலையை முன்பக்கம் ஷட்டருக்கு உள்ளே, வெறும் சீமெந்துத் தரையில் கிடத்திவிட்டோம். களைப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டது. நாளைக்கும் பார்க்கவில்லை. மூன்று இரவு அப்படியே கிடந்தன.

ஐந்தாம் நாள் முன்பக்கத்துச் சீப்புகளை விற்கத் தொடங்கினோம். நிறம் ஒரு மாதிரிதான் இருந்தது, ஆனால் கை வைத்தால் இளகியிருந்தது. மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்து ஐயா ஒருவர் சீப்பைத் திருப்பிக் கொண்டுவந்து, நாலு பேர் முன்னால், "தம்பி, நீங்களுமா மருந்து அடிக்கத் தொடங்கிட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அவரை உட்கார வைத்து, உள் அறையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து வந்தேன். அது நல்ல மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தோலைச் சுரண்டினேன். முன்பக்கத்துப் பழத்தில் மண்ணிற நூல்கள், உள் அறைப் பழத்தில் ஒன்றுமில்லை. இரண்டையும் வெட்டினால் சதையில் பெரிய வித்தியாசம் இல்லை. ருசியில் முன்பக்கத்துப் பழம் கொஞ்சம் சப்பென்று இருந்தது, அவ்வளவுதான். தரையைத் தொட்டிருந்த பக்கத்து விரல்கள் மோசம், மேலே இருந்தவை பரவாயில்லை. அன்று இரவு ஒரு வெப்பமானியைத் தரையில் வைத்தேன், விடிய 5 மணிக்கு 8 பாகை காட்டியது. உள் அறையில் 17.

ஒரே தோட்டத்துக் காய், ஒரே லொறி. மருந்து காரணம் என்றால் 14 குலையும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். மாறியது கிடந்த இடம் மட்டும்தான். ஐயா ஒத்துக்கொண்டார், பணத்தையும் நான் திருப்பிக் கொடுத்தேன். ஏனென்றால் பழத்தைக் கெடுத்தது நான்தான், மருந்தால் இல்லாவிட்டாலும். அதிலிருந்து குலையைச் சீமெந்தில் வைப்பதே இல்லை. பலகை அடித்து, மேலே சாக்கு விரித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துகிறோம். 12 பாகைக்குக் கீழே போகும் இரவுகளில் உள் அறைக்குக் கொள்ளும் அளவுக்கு மேல் காய் எடுப்பதும் இல்லை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். திருப்பி வந்த பழத்தை வைத்து வாதாட வேண்டாம். அதே லொறியில் வந்து வேறு இடத்தில் இருந்த இன்னொரு சீப்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கார்பைட் கல் என்கிறார்களே, அது உண்மையில் என்ன செய்கிறது?

அது வெல்டிங் வேலைக்குப் பயன்படும் கல்சியம் கார்பைட். சாம்பல் நிறக் கட்டி. ஈரம் பட்டதும் அசெட்டிலீன் வாயுவை விடும், மிஞ்சுவது சுண்ணாம்புத் தூள். காய்களே ஈரத்தை விடும் என்பதால், கடதாசியில் மடித்துப் பெட்டி நடுவில் வைத்தாலே வேலை தொடங்கிவிடும். அசெட்டிலீன் எத்திலீனைப் போலவே காயை ஏமாற்றும், ஆனால் அதன் வலு பல மடங்கு குறைவு. அதனால் நிறையப் போட வேண்டும். பொட்டலத்துக்குப் பக்கத்தில் அதிகம், தூரத்தில் குறைவு என்று ஆகிவிடுவதால்தான் அந்தத் திட்டு நிறம்.

கவலைப்பட வேண்டியது அசெட்டிலீனைப் பற்றி அல்ல. தொழிற்சாலைக் கார்பைட் சுத்தமானது இல்லை. அதில் ஆர்செனிக்கும் பொசுபரசும் சிறிதளவு கலந்திருக்கும், ஈரம் பட்டதும் அவையும் நச்சு வாயுவாக வெளியே வரும். அந்தப் பூண்டு வாடை அதிலிருந்துதான். இதில் முதலில் அடிபடுவது பழம் தின்பவர் அல்ல, பூட்டிய அறையில் பொட்டலம் மடிக்கும் பையன். அசெட்டிலீன் தீப்பற்றி வெடிக்கவும் கூடியது. லயத்துக்குப் பின்னால் சின்ன அறையில் கார்பைட்டும் குப்பி விளக்கும் ஒன்றாக இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எத்திபோன் அடித்ததும் அதே மாதிரி ஆபத்தானதா?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. எத்திபோன் ஒரு அமிலத் திரவம், இறப்பர் மரத்தில் பால் கூடுதலாக வரப் பூசுவார்களே, அதே பொருள். அமிலத்தன்மை குறைந்தால் எத்திலீனை வெளியே விடும். அதாவது பழம் தானாக விடும் அதே வாயு. சரியான முறையில், மூடிய அறையில் ஒரு பாத்திரத்தில் வைத்துக் காரம் கலந்து வாயுவை மட்டும் எழுப்புவார்கள், திரவம் பழத்தில் படாது. காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு எத்திலீன் இருந்தால் வாழைக்குப் போதும், ஒன்றிரண்டு நாளில் வேலை முடியும். விளைந்த காயை அப்படிப் பழுக்க வைத்தால் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பிரச்சினை வாளியில் கலக்கும் ஆட்களிடம்தான். அளவு பார்க்காமல் மூடியால் ஊற்றி, குலையை முக்கி எடுத்து, கழுவாமல் விற்கிறார்கள். கரைசல் தடித்துவிட்டால் வழிந்து தேங்கிய இடத்தில் தோல் பொசுங்கும். காம்பு அடியிலும் விரல் நுனியிலும் சொட்டு வடிவில் மண்ணிறத் தழும்பு தெரிந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பழம் சீப்பிலிருந்து உதிர்வதையும் மருந்தின் அடையாளம் என்பார்கள், ஆனால் கோலிக்குட்டு இயல்பாகவே உதிரும் இனம். அதை வைத்துக் கடைக்காரரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பழம் மஞ்சளாகி, காம்பு மட்டும் பச்சையாக இருந்தால் கட்டாயம் மருந்துதான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அது தப்பு. வாழைப்பழ வியாபாரத்தில் நிறத்தை 7 படியாகப் பிரிப்பார்கள். 5ஆம் படி என்பதே மஞ்சள் பழம், பச்சை நுனி. 6 முழு மஞ்சள், 7 மண்ணிறப் புள்ளி விழுந்தது. எந்த நல்ல பழமும் இந்த 5ஐத் தாண்டித்தான் போகும். பச்சைக் காம்பு என்றால் இன்னும் ஒன்றிரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம் என்றுதான் பொருள்.

இதைவிட நல்ல அடையாளம் முழுக் குலையாகப் பார்க்கும்போது கிடைக்கும். மரத்தில் விட்டுப் பழுத்தால் மேல் சீப்பு முதலில் மஞ்சளாகும், கீழ்ச் சீப்பு கடைசி, ஏனென்றால் மேலே உள்ளது முந்திப் பிறந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே நாளில் ஒரே மஞ்சள் என்றால் வெளியிலிருந்து வாயு கொடுத்திருக்கிறார்கள். எந்த வாயு என்பது வேறு கேள்வி.

தண்ணீரில் மிதந்தால் மருந்துப் பழம், தீக்குச்சி காட்டினால் பற்றும் என்று வீடியோ பார்த்தேன். செய்து பார்க்கலாமா?

தீக்குச்சியை வேண்டவே வேண்டாம். பழம் உங்கள் கைக்கு வரும்போது அசெட்டிலீன் எப்போதோ காற்றோடு போயிருக்கும், எதுவும் தெரியாது. கார்பைட் இன்னும் இருக்கும் மூடிய பெட்டி என்றால் தீ காட்டுவதே ஆபத்து. தண்ணீர்ச் சோதனை மாம்பழத்தில் ஓரளவுக்கு உதவும்: நன்றாக விளைந்த மாங்காய் அமிழும், இளங்காய் மிதக்கும். அதாவது அது விளைச்சலைச் சொல்கிறது, மருந்தைச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கறுத்தக்கொழும்பான் சிலது ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சை. அதையும் இப்படித்தான் பார்ப்பதா?

மாம்பழத்துக்கு நிறமே சரியான சாட்சி இல்லை. வெயில் பட்ட பக்கமும் இலை மறைத்த பக்கமும் மரத்திலேயே வேறு வேறாக இருக்கும். சிவப்பு அடிக்கும் இனங்களில் அந்தச் சிவப்பு வெயிலால் வருவது, பழுத்ததால் அல்ல. நான் பார்ப்பது காம்படி. விளைந்த மாங்காயில் காம்பைச் சுற்றித் தோள் எழும்பி, காம்பு சின்னக் குழிக்குள் இருக்கும். தோள் சரிந்து, காம்பு மேடாகத் துருத்திக்கொண்டிருந்தால் காய் இளசு. அது எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் வெம்பல்தான், வெட்டினால் கொட்டைப் பக்கம் வெளுத்துப் புளிக்கும். மணமும் வராது.

மாம்பழத்துக்கும் குளிர் ஆகாது, சுமார் 13 பாகைக்குக் கீழே வைத்தால் தோல் மங்கி, குழி குழியாகி, பழுக்காமலே நிற்கும். யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் காயாக அனுப்பினால் இரவில் வாசலில் வைக்காதீர்கள்.

பப்பாசி, தக்காளி, தோடம்பழம் எல்லாம்?

பப்பாசி அடியிலிருந்து கீற்றுக் கீற்றாகத்தான் மஞ்சளாகும், அது இயல்பு. ஒரு கீற்றுக்கூட விழாமல் முழுப் பச்சையில் பறித்தால்தான் பிறகு திட்டாகப் பழுத்து, இனிப்பில்லாமல் போகும். தோலில் வட்ட வட்டமாக வளையம் தெரிந்தால் அது வைரஸ் நோய்.

தக்காளியில் பச்சை மஞ்சள் திட்டு வந்து, வெட்டினால் சுவர்ப்பகுதி வெள்ளையாகக் கட்டியாக இருந்தால், பெரும்பாலும் பொட்டாசியம் போதாமை, மப்பு வானம், அல்லது இரண்டும். வெலிமடைப் பக்கம் கூடாரத்தில் போடுகிறவர்களிடம் கேட்டால் இதைச் சொல்வார்கள். 30 பாகைக்கு மேல் போனாலும் சிவப்பு நிறம் உண்டாகாமல் மஞ்சளாகவே நிற்கும்.

தோடம்பழம் பறித்த பிறகு பழுக்காது, அதை விரட்டவும் முடியாது. பச்சை போய் மஞ்சளாக அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். அதனால்தான் பிபிலைத் தோடம்பழம் பச்சைத் தோலோடே இனிக்கிறது.

அந்தக் காலத்தில் புகை போட்டுத்தானே பழுக்க வைத்தார்கள்? அதுவும் விரட்டுவதுதானே?

ஆமாம், விரட்டுவதுதான். குழியில் குலையை வைத்து, பொச்சு மட்டையைப் புகைத்து, மண்ணால் மூடுவார்கள். புகையில் எத்திலீனும் அசெட்டிலீனும் உண்டு, குழிக்குள் சூடும் நிற்கும். குளிர்ப் பிரதேசத்தில் அந்தச் சூடு பெரிய உதவி. புகை வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சீப்பு கருகித் திட்டாவது இதிலும் உண்டு. கெப்பெட்டியா இலையோ கிளிரிசிடியா இலையோ போட்டு மூடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் திட்டு குறைவு. எந்த முறையானாலும் காய் விளைந்திருந்தால்தான் பழம் பழமாக வரும்.

வாங்கி வந்துவிட்டேன், திட்டாக இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

தோலுக்கடியில் மண்ணிற நூல், சதை நன்றாக இருக்கிறது என்றால் அது குளிர் பட்ட பழம், தாராளமாகக் கொடுங்கள். உள்ளே கட்டியாகக் கயர்த்தால் வெம்பல். கெடுதல் இல்லை, ஆனால் பிள்ளைக்கு வயிற்றை அடைக்கலாம், வேக வைத்துச் சாப்பிடுங்கள். தூளோ பூண்டு வாடையோ இருந்தால் நான் கொடுக்க மாட்டேன். என்னதான் என்று தெரியாத நிலையில், ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு, பிறகு தோலை உரியுங்கள். உரித்த கையாலேயே சதையைத் தொடுவதால்தான் கழுவச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வாழை வெட்டினால் இந்தக் குளிரில் பழுக்கவே மாட்டேன் என்கிறது. திட்டு இல்லாமல் எப்படிப் பழுக்க வைப்பது?

முதலில் காயின் பக்க விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் இன்னும் விடுங்கள், மழுங்கி உருண்டுவிட்டால் வெட்டலாம். சீப்பு சீப்பாக அறுத்து, பால் வடிய அரை மணி நேரம் கவிழ்த்து வைத்து, ஈரம் காய்ந்ததும் ஒரு அட்டைப் பெட்டியில் பழைய பேப்பர் விரித்து அடுக்குங்கள். நடுவில் நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழமோ பட்டர் புரூட்டோ வையுங்கள், எத்திலீனை அது கொடுக்கும். பெட்டியை மூடி, அடுப்படியில், தரையில் படாமல், கை வைத்தால் இளஞ்சூடு தெரியும் இடத்தில் வையுங்கள். அடுப்புக்கு மிக நெருக்கம் வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு தடவை திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். காய் மூச்சு விட்டுச் சேரும் கரியமில வாயு கூடினால் பழுப்பது தடைப்படும். நிறைய பேர் இதைச் செய்யாமல்தான் "பெட்டியில் வைத்தும் பச்சையாகவே இருக்கிறது" என்கிறார்கள். திறக்கும்போது நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் ஓரத்தை நடுவுக்கும் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் நிறம் திரும்பத் தொடங்கியதும் எடுத்து வெளியே வைக்கலாம், அதற்குப் பிறகு அதுவே போகும். ஆனால் வெளியே என்றால் வீட்டுக்குள்ளே, ஜன்னல் ஓரத்தில் இல்லை.

ஒரு கடையில் கார்பைட் வைக்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுகிறது. யாரிடம் சொல்வது?

உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், நாம் பி.எச்.ஐ. ஐயா என்று சொல்பவரிடம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உணவு மாதிரி எடுக்கவும் நடவடிக்கை எடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவரைப் பிடிக்க முடியாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகலாம்.

போகும்போது "திட்டாக இருந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பழத்தைக் கழுவாமல், உரிக்காமல், தூள் ஒட்டிய நிலையிலேயே காகிதப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். பொலித்தீன் வேண்டாம், வியர்த்து எல்லாம் கரைந்துவிடும். வாங்கிய நாள், நேரம், பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்களா குலையிலிருந்து வெட்டித் தந்தார்களா என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தையே பார்த்திருந்தால் கையால் எடுக்காமல் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள்.